எழுந்ததும் ஓடும் நாடி, ஓட மறுக்கும் நாடி

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஸ்மார்ட் வாட்ச் கட்டியவர்களும் பெருகிவிட்டார்கள். அதனால், முன்பெல்லாம் யாரும் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் படுகிறது. படுத்திருக்கும்போது 70 காட்டிய நாடி, எழுந்து நின்ற சில நொடிகளில் 90, 95 என்று ஏறிவிடுகிறது. பார்த்ததும் பலருக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. இதயத்தில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்கப் போகிறவர்களும் உண்டு.

எழுந்ததும் நாடி ஏறுவது நோயல்ல. உடம்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அதே சமயம் ரத்த அழுத்தம் என்ன ஆகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாடி சொல்வது புரியும். இன்னொன்றும் உண்டு. ரத்த அழுத்தக் கட்டுப்பாடே பழுதடைந்தவர்களில் பலருக்கு, எழுந்து நின்றாலும் நாடி ஏறாது. ஏற வேண்டிய நேரத்தில் ஏறாத நாடிதான் டாக்டரை அதிகம் யோசிக்க வைக்கும்.

நாம் எழுந்து நின்றவுடன், புவியீர்ப்பினால் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் நெஞ்சுப் பகுதியை விட்டுக் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்குகிறது. கால் நரம்புகள் என்று நாம் பேச்சில் சொல்லும் சிரைகள் சுலபமாக விரிந்துகொடுப்பவை. வந்த ரத்தம் அங்கேயே தேங்கிக்கொள்ளும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால், ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் அளவும் குறைகிறது. உடம்பு இதற்கு ஒன்றும் செய்யாவிட்டால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து அப்படியே சாய்ந்துவிடுவோம்.

சாயாமல் காப்பாற்றுபவை, கழுத்தின் இரு பக்கமும் ஓடும் கரோட்டிட் தமனியின் சுவரிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கும் நுண்ணிய உணரிகள். ரத்தக் குழாயின் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை அவை ஓயாமல் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். இழுவிசை குறைந்த செய்தி போனதும் முகுளம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலாவது, இதயத்தை எப்போதும் சற்று அடக்கிவைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. இது ஓரிரு துடிப்புக்குள் நடந்துவிடும். நாடி உடனே எகிறுவது இதனால்தான். இரண்டாவது, பரிவு நரம்புகள் வழியாகக் கை கால், குடல் பகுதிகளின் ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. இதற்குச் சில நொடிகள் அதிகம் பிடிக்கும். ஆனால் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய வேலை இதனுடையதுதான். நாடி வேகம் அந்த இடைவெளியைச் சமாளிக்கும் முதலுதவி.

இது சரியாக நடந்தால், ஆரோக்கியமான ஒருவருக்கு எழுந்த பிறகு நாடி 10 முதல் 20 துடிப்பு வரை கூடி அங்கே நிற்கும். ரத்த அழுத்தத்தின் மேல் எண் லேசாக இறங்கலாம்; கீழ் எண் பொதுவாகச் சற்று ஏறும். வயது கூடக் கூட நாடியின் ஏற்றம் குறைந்துகொண்டே போகும். இருபது வயதில் 20 கூடுவதும் எழுபதில் 8 கூடுவதும் இயல்புதான்.

இளைஞர்கள் சொல்லும் ஒரு தொந்தரவை இங்கேயே தனியாகப் பிரித்துவிடலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும், நெஞ்சு படபடக்கும், நான்கு எட்டு வைப்பதற்குள் எல்லாம் சரியாகிவிடும். உயரமாக, ஒல்லியாக இருக்கும் விடலைப் பருவத்தினருக்கு இது அதிகம். எழும்போது கால் தசைகளும் வயிற்றுத் தசைகளும் ஒரேயடியாக இறுகி ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளுகின்றன. அதைப் பார்த்து ஏமாந்த நரம்புகள் ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடுகின்றன. முதல் 15 நொடிகளுக்குள் மேல் எண் 40-க்கும் மேல் சரிந்து, அரை நிமிடத்துக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். வீட்டு பி.பி. மெஷின் காற்றடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுவதால் அதில் இது அகப்படாது. பெரும்பாலும் இதற்கு மருந்து வேண்டாம். மெதுவாக எழுந்தால் போதும். ஆனால் இதனாலேயே அடிக்கடி விழுகிறவர் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

கவனிக்க வேண்டியது ஒரு நிமிடத்துக்குப் பிறகும் நீடிக்கும் மாற்றத்தை. அதை அளப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஐந்து நிமிடம் பேசாமல் மல்லாந்து படுத்திருந்து ரத்த அழுத்தத்தையும் நாடியையும் குறிக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை. படபடப்புதான் முக்கியப் புகார் என்றால் பத்து நிமிடம் வரை நின்று இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். நிற்கும்போது பட்டை கட்டிய கையை ஒரு மேசையிலோ அலமாரியிலோ இதயத்தின் உயரத்துக்கு வைத்துக்கொள்வது அவசியம். கையைத் தொங்கவிட்டால் மெஷின் உண்மையை விட அதிகமாகக் காட்டும். இருக்கும் சரிவு மறைந்துவிடும். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், பின்னால் ஒரு நாற்காலியும் இருக்கட்டும். தலை சுற்றினால் எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

நம் ஊர் கிளினிக்குகளில் இது அபூர்வமாகத்தான் நடக்கிறது. கூட்டம் அப்படி. டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் காத்திருந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு முறை பார்த்து, சீட்டில் எழுதி அனுப்பிவிடுவார்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் அந்த ஒற்றை எண் இந்த விஷயத்தில் எதையும் சொல்லாது.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் சரிந்தாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் சரிந்தாலோ, அது நிலை மாற்றத்தால் வரும் தாழ் அழுத்தம். படுத்திருக்கும்போதே அழுத்தம் மிக அதிகமாக இருப்பவருக்கு 30 சரிந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். “லோ பி.பி.” என்று வீட்டில் சொல்வது வேறு, இது வேறு. எப்போதும் 100/65 இருந்துகொண்டு சுறுசுறுப்பாக நடமாடும் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. படுக்கையில் 160 இருந்து நின்றதும் 120 ஆகிறவருக்குத்தான் பிரச்சினை, அந்த 120 பார்வைக்கு எவ்வளவு அழகான எண்ணாக இருந்தாலும்.

சரிவு இருப்பது தெரிந்ததும் அடுத்த கேள்வி: நாடி என்ன செய்தது? கணக்குப் புரிவதற்காக ஒருவரை வைத்துப் பார்ப்போம். வயது 64, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ரத்த அழுத்தத்துக்குப் பல வருடமாக அம்லோடிபின் மாத்திரையும், உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சாப்பிடுகிறார். புராஸ்டேட் வீக்கத்துக்காகப் புதிதாக டாம்சுலோசின் சேர்ந்திருக்கிறது. சித்திரை வெயில். ராத்திரி அடிக்கடி எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரையும் குறைத்துவிட்டார். ஒரு வாரமாகக் காலையில் எழுந்தால் கிறுகிறுப்பு, நெஞ்சில் படபடப்பு. “பி.பி. நார்மல்தான் சார், போன வாரம்கூட உட்காரவெச்சுப் பார்த்தாங்க” என்கிறார்.

படுக்கவைத்துப் பார்த்தால் 138/82, நாடி 74. நின்று மூன்று நிமிடத்தில் 114/76, நாடி 96. மேல் எண் 24 சரிந்திருக்கிறது. நாடி 22 ஏறியிருக்கிறது. 22-ஐ 24-ஆல் வகுத்தால் சுமார் 0.9. இந்த விகிதம் 0.5-க்கு மேல் இருந்தால் நரம்புகள் விழிப்பாக இருக்கின்றன, பதில் கொடுக்கின்றன என்று பொருள். உணரி வேலை செய்கிறது, முகுளம் வேலை செய்கிறது, இதயம் ஓடுகிறது. குழாயில் போதிய ரத்தம் இல்லை, அல்லது மருந்து குழாயைத் தளர்த்தி வைத்திருக்கிறது. இவருக்கு இரண்டும். டாம்சுலோசின் புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் அதே வழியில் ரத்தக் குழாயையும் ஓரளவு தளர்த்திவிடும்.

இந்த இடத்தில் டாக்டர் கேட்கும் இன்னொரு கேள்வி முக்கியம்: மலம் கறுப்பாகப் போகிறதா? மூட்டுவலிக்கு மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு வயிற்றில் புண் வந்து உள்ளுக்குள் ரத்தம் கசியும்போது, வெளியே தெரியும் முதல் அறிகுறிகளில் ஒன்று எழுந்தால் ஓடும் நாடியாக இருக்கலாம். இவருக்கு அது இல்லை, ஹீமோகுளோபினும் சரியாக இருக்கிறது. நீர் மாத்திரையை டாக்டர் நிறுத்துகிறார். டாம்சுலோசினை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றுகிறார். பகலில் தண்ணீர் குடித்துவிட்டு மாலைக்குப் பின் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார். பத்து நாள் கழித்துப் பார்த்தால் படுக்கையில் 140/82, நின்ற பிறகு 130/82, நாடி 86. அவரே எல்லா மாத்திரையையும் நிறுத்தியிருந்தால் அழுத்தம் ஏறியிருக்கும். கட்டுப்படாத உயர் ரத்த அழுத்தமும் நிற்கும்போது வரும் சரிவை மோசமாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டும் எதிரெதிர் நோய்கள் என்று நினைக்கிறோம். ஒரே ஆளிடம் அவை சேர்ந்தே குடியிருக்கும்.

இப்போது இன்னொருவர். 66 வயதுப் பெண், இருபது வருடச் சர்க்கரை நோய். கோயில் வரிசையில் நின்றால் பின்கழுத்தும் தோளும் வலிக்கும், பார்வை மங்கும், உட்கார்ந்தால் சரியாகும். படபடப்பு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். படுக்கையில் 158/86, நாடி 92. நின்று மூன்று நிமிடத்தில் 112/70, நாடி 96. மேல் எண் 46 விழுந்திருக்கிறது, நாடி நான்கே நான்கு ஏறியிருக்கிறது. விகிதம் 0.1-கூட இல்லை. முதல் ஆளை விட இரண்டு மடங்கு சரிவு. ஆனால் இதயம் அதைக் கேள்விப்படவே இல்லை போல நடந்துகொள்கிறது. செய்தி போகும் நரம்பே பழுதாகிவிட்டது.

படுத்திருக்கும்போதே 92 இருப்பதும் சும்மா இல்லை. சர்க்கரை நோய் நீளமான நரம்புகளை முதலில் தாக்கும். பாதம் மரத்துப்போவதும் அதனால்தான், இதயத்தை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பு முதலில் அடிவாங்குவதும் அதனால்தான். பிடி தளர்ந்ததும் நாடி எப்போதும் 90, 100 என்று ஓடும். பிறகு பரிவு நரம்புகளும் கெடும்போது, எழுந்தாலும் உட்கார்ந்தாலும் மூச்சை இழுத்தாலும் மாறாத ஒரே வேகத்தில் நின்றுவிடும். பார்க்கின்சன் நோயிலும், அதற்கு உறவான சில அபூர்வ நரம்பு நோய்களிலும் இதே மாறாத நாடி வரும்.

அமெரிக்க மருத்துவர்கள் பிராட்பரியும் எகிள்ஸ்டனும் 1925-ல் மூன்று நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நின்றால் மயங்கி விழுபவர்கள் அவர்கள். அழுத்தம் சரிவதோடு நாடி மாறாமல் இருப்பதையும், வியர்வை வராமல் போவதையும் அவர்கள் அன்றைக்கே பதிவு செய்தார்கள். பழுது இதயத்தில் இல்லை, அதை ஆளும் நரம்புகளில் இருக்கிறது என்று யோசிக்க அந்த அசையாத நாடி வழிகாட்டியது. பின்னாளில் எடின்பரோவில் டேவிட் யூவிங்கும் பார்பரா கிளார்க்கும் சர்க்கரை நோயாளிகளுக்காக எளிய சோதனைகளை ஒழுங்குபடுத்தினார்கள். அதில் ஒன்று ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும்போதே நோயாளியை எழுந்து நிற்கச் சொல்வது. நல்ல நரம்புள்ளவருக்கு ஏறத்தாழ 15-வது துடிப்பில் இதயம் உச்ச வேகத்தைத் தொடும். அழுத்தம் மீண்டதும் 30-வது துடிப்பு வாக்கில் கொஞ்சம் நிதானிக்கும். நரம்பு கெட்டவருக்கு இந்த ஏற்ற இறக்கம் இருக்காது. தாளில் கோடுகள் ஒரே இடைவெளியில் வரிசையாகப் போகும். செலவில்லாத சோதனை இது. சர்க்கரை நோய் மையங்கள் சிலவற்றில் இன்றும் செய்கிறார்கள்.

விகிதக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி ஏறாமல் இருப்பது மருந்தின் வேலை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும், நாடி தாறுமாறாக ஓடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

அந்த அம்மாவுக்கு வைத்தியம் சுலபமில்லை. நின்றால் 112, படுத்தால் 158. அழுத்தத்தை ஏற்றினால் படுக்கையில் இன்னும் கூடும். இறக்கினால் நிற்க முடியாது. இரவில் படுத்திருக்கும்போது கூடும் அழுத்தம் சிறுநீரகத்தைத் தூண்டி நிறைய உப்பையும் நீரையும் வெளியேற்றிவிடும். அதனால்தான் இவர்களுக்குக் காலை நேரம் மோசம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கலோ மரக்கட்டையோ வைத்துக் கட்டிலையே சாய்வாக்கினால் அந்த இழப்பு குறையும். தலையணையை மட்டும் அடுக்கினால் பலனில்லை. எழுவதற்கு முன் இரண்டு தம்ளர், அதாவது சுமார் அரை லிட்டர் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் சில நிமிடங்களில் அழுத்தம் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் போலத் தாங்கும். இதய வீக்கமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் இதை டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. வயிறு முட்டச் சோறு சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குப் போய்விடுவதால் அடுத்த ஒன்றரை மணி நேரம் சரிவு கூடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது நல்லது. இதற்கும் மிஞ்சினால் மிடோடிரின் போன்ற மாத்திரைகள் உண்டு. படுக்கப் போவதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் அதைச் சாப்பிடக் கூடாது.

மூன்றாவது வகையில் அழுத்தம் விழுவதே இல்லை. நாடி மட்டும் பறக்கும். 22 வயது மாணவி, வைரஸ் காய்ச்சல் வந்துபோய் ஐந்து மாதம் ஆகிறது. காலையில் குளிக்க நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கால் நடுங்குகிறது, மண்டைக்குள் மூட்டமாக இருக்கிறது. படுத்தால் எல்லாம் அடங்குகிறது. படுக்கையில் 108/70, நாடி 74. நின்று மூன்று நிமிடத்தில் 110/76, நாடி 108. எட்டாவது நிமிடத்தில் 108/78, நாடி 116. இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் போட்ஸ். 1993-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வுக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்தது. அழுத்தம் சரியாமல், நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30-க்கு மேல் கூடி அப்படியே நிற்க வேண்டும். 12 முதல் 19 வயதுக்குள் என்றால் 40-க்கு மேல். கூடவே நின்றால் வந்து படுத்தால் போகும் தொந்தரவுகள் குறைந்தது மூன்று மாதம் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன்னால் ரத்தசோகையைத் தேட வேண்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தசோகை, தைராய்டு மிகுதி, நீர்ச்சத்துக் குறைவு, வாரக்கணக்கில் படுத்தே கிடந்தது என எல்லாமே எழுந்த நாடியை ஓட்டும், எல்லாமே சரிசெய்யக்கூடியவை. இன்னொரு பக்கம், எல்லா அறிக்கையும் நார்மல் என்றதும் “டென்ஷன் பண்ணிக்காதேம்மா” என்று அனுப்பிவைப்பதும் நடக்கிறது. பதற்றத்தால் வரும் படபடப்பு, படுத்திருந்தாலும் வரும். இது நின்றால் வருகிறது, படுத்தால் போகிறது. பத்து நிமிடம் நிற்கவைத்து எண்ணினால் வித்தியாசம் தெரிந்துவிடும். போட்ஸ்தான் என்று உறுதியானால் வைத்தியமும் வேறு: தண்ணீரும் உப்பும் கூட்டுவது, இடுப்பு வரை இறுக்கும் காலுறை, தரையில் படுத்தும் சாய்ந்தும் செய்யும் பயிற்சியில் தொடங்கி மெல்ல நிமிர்வது, தேவைப்பட்டால் மாத்திரை. இந்த உப்பு வைத்தியத்தைப் பார்த்து, உயர் ரத்த அழுத்தம் உள்ள பக்கத்து வீட்டுப் பெரியவரும் மோரில் இரண்டு கை உப்பைப் போட்டுக்கொண்டால் விபரீதம்தான்.

இவற்றில் எதிலும் சேராத, காத்திருக்கக் கூடாத சில உண்டு. நெஞ்சுவலியோடு வரும் படபடப்பு, நடக்கும்போதோ ஓடும்போதோ வரும் மயக்கம், படுத்திருக்கும்போதே 120-க்கு மேல் ஓடும் நாடி, கறுப்பு மலத்தோடு வரும் கிறுகிறுப்பு, விழுந்து தலையில் அடிபட்டது: இவற்றுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எழுவதற்கும் உட்காருவதற்கும் சம்பந்தமில்லாமல் திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் படபடப்பு, இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம், அதற்கு ஈ.சி.ஜி. வேண்டும்.

மற்றவர்கள் ஒரு தாளில் மூன்று நாள் எண்களைக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். காலையில் எழுந்ததும் ஒரு முறை, மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் ஒரு முறை; ஒவ்வொரு முறையும் படுத்தும், நின்றும். பக்கத்தில் அன்று சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரும் நேரமும். புராஸ்டேட்டுக்கு, மூட்டுவலிக்கு, தூக்கத்துக்கு என்று வேறு டாக்டர்கள் கொடுத்தவையும் அதில் இருக்க வேண்டும்.